ஓராண்டு படிப்பு விடுப்பு: ஆயருக்குக் கடிதம் எழுதும் முன் பூசைக்கு ஆள் பாருங்கள்

தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களும் இதற்குள் வருகின்றன. தொப்பூர் பக்கம் தொடங்கி ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லைவரை போகும் நிலப்பரப்பு. இங்கே ஒரு குரு ஓராண்டு படிக்கப் போகிறார் என்றால், அவர் இடத்தில் நிற்க இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். அவருக்கும் ஒரு பங்கு, அதற்கு இரண்டு மூன்று கிளைக் கிராமங்கள் என்று இருக்கும்.

சில ஆண்டுகள் மறைவட்ட முதன்மைக்குருவாக இருந்ததால் இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் பல என் கை வழியாகப் போயின. பெரும்பாலானவற்றில் ஒன்றரைப் பக்கம் படிப்பின் அருமையைச் சொல்லியிருப்பார்கள். கடைசியில் ஒரே வரி: "பங்குப் பணிகளைப் பக்கத்துப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார்." ஆயர் நிறுத்திப் படிப்பது அந்த வரியைத்தான். முதன்முறையாக எழுதப்போகும் இளம் குருக்களுக்காக, அந்த ஒரு வரியை எப்படி இரண்டு பக்கமாக விரிப்பது என்று இங்கே சொல்கிறேன்.

என்ன கேட்கிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

பங்குத்தந்தைக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் விடுமுறை உண்டு. ஆண்டுத் தியானத்துக்குப் போகும் நாட்கள் அதில் சேராது. ஒரு வாரத்துக்கு மேல் பங்கில் இல்லையென்றால் ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும். இது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 533ஆம் எண். ஆகவே ஓராண்டு என்பதை 'நீண்ட விடுமுறை' என்று நினைத்து எழுதக் கூடாது. பங்கின் பொறுப்பை ஓராண்டுக்கு வேறொருவர் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள்.

அதற்கு இரண்டு வழிகள். பங்கை விட்டு விலகி, மாணவராக நியமனம் பெற்றுப் போவது ஒன்று. பங்குத்தந்தையாகவே இருந்துகொண்டு, ஆயர் ஒரு பங்கு நிர்வாகியை நியமிக்கும்படி கேட்பது இன்னொன்று. மாற்றல் வரும் ஆண்டு என்றால் முதல் வழியே நல்லது. ஆயருக்கும் சிக்கல் இல்லை, உங்களுக்கும் மனம் இரண்டாகப் பிரியாது. பங்குக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன, கோயில் கட்டட வேலை பாதியில் நிற்கிறது என்ற நிலையில்தான் இரண்டாவது வழி. உதவிப் பங்குத்தந்தையாக இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். துறவற சபைக் குரு என்றால் முதலில் உங்கள் மாநிலத் தலைவரிடம் கேட்க வேண்டும், அப்புறம்தான் ஆயர்.

படிப்பும் உண்மையிலேயே ஓராண்டில் முடிவதாக இருக்க வேண்டும். திருச்சபைச் சட்டத்தில் லைசென்சியேட் படிக்க மூன்று ஆண்டுகள் ஆகும். ஓராண்டு என்று கேட்டுவிட்டு அங்கே போய் நீட்டிப்புக் கேட்டால், உங்களுக்குப் பின்னால் கேட்க வரும் குருவின் கதவையும் சேர்த்து மூடிவிடுகிறீர்கள்.

இன்னொன்று. பெங்களூரில் படிக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு சபலம் வரும்: "ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தானே, சனி ஞாயிறு நானே வந்து பூசை வைத்துவிடுவேன்." தயவுசெய்து எழுதாதீர்கள். முதல் மாதம் வருவீர்கள். இரண்டாம் மாதம் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்த வாரம் கோயில் வாசலில் சனம் காத்து நிற்கும். இந்த வரியைப் பார்த்ததுமே, மாற்று ஏற்பாடு எதுவும் செய்யவில்லை என்று ஆயருக்குப் புரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

ஏற்பாட்டின் முதுகெலும்பு இதுதான். ஒரு குரு ஒரு நாளில் ஒரு திருப்பலி நிறைவேற்றுவதே பொதுவான முறை. குருக்கள் குறைவு என்றால், தகுந்த காரணத்துக்காக இரண்டும், மேய்ப்புப் பணித் தேவை இருந்தால் ஞாயிறு, கடன் திருநாட்களில் மூன்றும் நிறைவேற்ற ஆயர் அனுமதி தரலாம் (எண் 905). மூன்றுக்கு மேல் கணக்குப் போட்டால் அந்த ஏற்பாடு அங்கேயே விழுந்துவிடும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையடிவாரப் பங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். தாய்க்கோயிலில் ஞாயிறு காலை 6.30க்கும் 8.30க்கும் பூசை. மேலே காட்டை ஒட்டிய கிளைக் கிராமத்தில் சனி மாலை 6 மணிக்கு. கீழ்க் கிளையில் இரண்டாம், நான்காம் ஞாயிறு 11 மணிக்கு. பக்கத்துப் பங்கு 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஞாயிறு காலை 7 மணிக்கு ஒன்று, அவருடைய கிளையில் 9.30க்கு ஒன்று.

இரண்டாம் ஞாயிறு வந்தால் நமக்கு மூன்று, அவருக்கு இரண்டு, ஆக ஐந்து பூசைகள். அவரால் வைக்க முடிவது மூன்று. இரண்டு பூசைக்கு ஆள் இல்லை. 'பக்கத்துப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார்' என்ற வரிக்குள் இந்த இரண்டும் ஒளிந்திருக்கின்றன.

இந்தப் பங்கில் 6 கிலோமீட்டர் தொலைவில் பள்ளி விடுதி ஒன்று இருந்தது. அங்கே தங்கியிருந்த துறவற சபைக் குரு, பிள்ளைகளுக்கு 6.30க்குப் பூசை முடித்தால் அப்புறம் அந்த நாள் அவர் கையில். ஞாயிறு ஒரு பூசைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். பங்குப்பேரவையில் பேசி, தாய்க்கோயிலின் இரண்டு பூசைகளையும் 8.30 என்று ஒன்றாக்கினார்கள். காலை 6.30 பூசைக்கே பழகிய வயதானவர்கள் முணுமுணுத்தார்கள்தான். வெளியே நாற்காலி போட்டுச் சமாளித்தார்கள். அந்த 8.30 பூசை விடுதிக் குருவுக்கு. பக்கத்துப் பங்குத்தந்தை தம் 7 மணி, 9.30 பூசைகளை முடித்து இரண்டாம் ஞாயிறு 11.30க்குக் கீழ்க் கிளைக்கு வருவார்; மூன்று சரியாகிவிட்டது. நான்காம் ஞாயிறு கீழ்க் கிளையில் திருப்பலி இல்லை. உபதேசியார் இறைவார்த்தை வழிபாடு நடத்தி, ஆயரின் அனுமதி பெற்றவராக நற்கருணை வழங்குவார்.

மேல் கிளையின் சனி மாலை 6 மணி பூசைதான் பெரிய சிக்கலாக இருந்தது. ராகி அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையில் யானை நடமாட்டம் இருக்கும். பழகிய பங்குத்தந்தைக்கு எந்த வளைவில் வண்டியை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும் என்று தெரியும். புதிதாக வருகிறவரை இருட்டில் அந்த வழியாக அனுப்பக் கூடாது. ஆகவே பூசையை மாலை 4 மணிக்கு மாற்றினார்கள். 5 மணிக்கு முடிந்தால் வெளிச்சத்திலேயே கீழே இறங்கிவிடலாம். இதை வைப்பவர் பக்கத்துப் பங்குத்தந்தை; சனிக்கிழமை காலை தம் பங்கில் வைக்கும் பூசையோடு சேர்த்து அவருக்கு அன்றைக்கு இரண்டு, அனுமதிக்குள் அடங்குகிறது.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன மாற்றம். முதல் ஞாயிறு கீழ்க் கிளைக்குப் பூசை கிடையாது. அன்று விடுதிக் குரு பக்கத்துப் பங்கின் 9.30 கிளைப் பூசைக்குப் போவார். பக்கத்துப் பங்குத்தந்தை நம் தாய்க்கோயில் 8.30 பூசைக்கு வருவார். பங்கின் பொறுப்பாளர் முகத்தை மாதம் ஒருமுறையாவது தாய்க்கோயில் மக்கள் பார்க்க வேண்டாமா?

மொழியையும் கவனியுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் இருக்கும். பூசைக்குத் தமிழ் போதும். சாகக் கிடக்கிற பாட்டி பாவசங்கீர்த்தனம் செய்யத் தமிழில் முடியாமல் போகலாம். மாற்றாக வருகிறவருக்கு அந்த மொழி தெரியுமா, தெரியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆண்டின் நான்கைந்து நாட்களைத் தனியாக எழுதுங்கள்

வாராந்தரக் கணக்கு சரியாக வந்தாலும் பெரிய நாட்களில் அது உடைந்துவிடும். 2026 ஜூனில் படிப்பு தொடங்குகிறது என்றால் வரும் பாஸ்கா 2027 மார்ச் 28. பெரிய வியாழன் மார்ச் 25. கல்லூரித் தேர்வும் அதே மார்ச்சில் வரலாம் என்பதால் 'புனித வாரத்துக்கு வந்துவிடுவேன்' என்பதையும் நம்ப வேண்டாம்.

பாஸ்கா திருவிழிப்பை இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். சனி மாலை பூசையைப் போல 4 மணிக்கு இழுக்க முடியாது. அன்றிரவு பக்கத்துப் பங்குத்தந்தை தம் கோயிலில் நிற்பார். நம் தாய்க்கோயிலுக்கு விடுதிக் குரு. கிளைகளுக்கு மறுநாள் காலை பூசை. பெரிய வெள்ளியன்று கிளைகளில் உபதேசியார் சிலுவைப்பாதை நடத்துவார், சிலுவை ஆராதனைக்கு முடிந்தவர்கள் தாய்க்கோயிலுக்கு வருவார்கள். டிசம்பர் 24 இரவும் இப்படித்தான்: மேல் கிளைக்கு மாலை 4 மணிக்கே கிறிஸ்து பிறப்புப் பூசை. நள்ளிரவில் அந்தச் சாலை வேண்டாம்.

பங்குத் திருவிழாவுக்குக் கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை நவநாள் மறையுரையாளர்களை நீங்களே பேசி முடித்து, பட்டியலைப் பங்குப்பேரவைச் செயலரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அது ஒன்றும் கடினமில்லை.

திருமணம்: இங்கேதான் நான் சறுக்கினேன்

பூசையை எந்தக் குருவும் வந்து நிறைவேற்றலாம். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரமும் பெரும்பாலும் அவரோடு கூடவே வரும். திருமணம் அப்படியில்லை. ஆயரோ பங்குத்தந்தையோ அவர்களிடமிருந்து அதிகாரம் பெற்றவரோ முன்னின்று நடத்தாவிட்டால் அந்தத் திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது. ஒரு குறிப்பிட்ட திருமணத்துக்கு மட்டும் என்றால் இன்னாருக்கு இந்தத் திருமணத்துக்காக என்று வெளிப்படையாகச் சொல்லி அதிகாரம் கொடுத்தால் போதும். எல்லாத் திருமணங்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதென்றால் எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும் (எண் 1111).

பல ஆண்டுகளுக்கு முன் மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். நிர்வாகி நியமனம் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு எதற்கு என்று நினைத்தேன். உதவிக்கு வந்த குருவிடம் மேசையில் காபி குடித்தபடியே, "வரும் கல்யாணங்களை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், சாமி" என்றேன். தவக்காலம் தொடங்கும் முன் அவர் மூன்று திருமணங்களை நடத்தினார். திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. நான் கொடுத்தது பொது அதிகாரம். வாயால் கொடுத்தது. காகிதம் எங்கேயும் இல்லை.

ஆயரிடம் போய் நின்றேன். அந்த மூன்று திருமணங்களையும், தம்பதியர் மறுபடி வந்து வாக்குச் சொல்ல வேண்டாதபடி, அவர் தம் ஆணையால் செல்லத்தக்கவை ஆக்கினார். அதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆனாலும் அந்த மூன்று வீட்டாருக்கும் இதை எப்படிச் சொல்வது என்று நான் தூங்காத இரவுகள் எனக்குத்தான் தெரியும்.

அதனால் கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: பக்கத்துப் பங்குத்தந்தையைப் பங்கு நிர்வாகியாக ஆயர் எழுத்தில் நியமிக்க வேண்டும். ஆயர் வேறு மாதிரி முடிவு செய்யாவிட்டால் நிர்வாகிக்குப் பங்குத்தந்தையின் உரிமைகளும் கடமைகளும் அப்படியே உண்டு (எண் 540). திருமண அதிகாரமும் அதில் அடக்கம். பங்கு மக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் கடமையும் அவருக்குப் போகும். விடுதிக் குரு நிர்வாகி இல்லை. அவர் திருமணம் நடத்தும் வாய்ப்பு இருந்தால் அவருக்குத் தனியாகக் கடிதம் வேண்டும். ஓலை வாசிப்பது, திருமுழுக்குச் சான்றிதழில் கையெழுத்திடுவது எல்லாம் நிர்வாகி. அவர் வாரத்தில் எந்த நாள் நம் பங்கு அலுவலகத்தில் உட்காருவார் என்று எழுதிக் கதவில் ஒட்டுங்கள். வேலை நிமித்தம் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள் சான்றிதழுக்காக ஒரு நாள் லீவு போட்டு வருவார்கள்.

பூசைக் கருத்துகளும் நடுராத்திரி அழைப்பும்

கருத்துப் பதிவேட்டை எடுத்து, காணிக்கை வாங்கி இன்னும் பூசை ஒப்புக்கொடுக்காதவற்றை எண்ணுங்கள். 43 கருத்துகள் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். புறப்படும் முன் எத்தனை முடியும்? தினம் ஒன்றாக 30 நாளில் 30. மீதி 13ஐக் கருத்து, கொடுத்தவர் கேட்ட தேதி, முழுக் காணிக்கை மூன்றையும் சேர்த்து நிர்வாகியிடம் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். காணிக்கையில் எதையும் பிடித்து வைக்கக் கூடாது. புறப்படப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு நவம்பர் 2க்கான கல்லறைத் திருநாள் கருத்துகளை உங்கள் பெயரில் முன்கூட்டியே வாங்காதீர்கள்.

நோயில்பூசுதலைக் குரு மட்டுமே கொடுக்க முடியும், அதற்கு நேரம் காலம் கிடையாது. முதலில் விடுதிக் குரு, கிடைக்காவிட்டால் நிர்வாகி, அதற்கும் அப்புறம் மறைவட்ட முதன்மைக்குரு என்று மூன்று எண்களை வரிசையாக எழுதி ஒவ்வோர் அன்பியப் பொறுப்பாளரிடமும் உபதேசியாரிடமும் கொடுங்கள். அருகில் இருப்பவரை முதலில் போடுங்கள். பதவியைப் பார்த்து வரிசை போட்டால் ராத்திரி 2 மணிக்கு 14 கிலோமீட்டர் வீணாகும். அடக்கத்துக்கு இரண்டு குருக்களும் கிடைக்காத நாளும் வரும். அப்போது உபதேசியார் செபம் நடத்தி அடக்கம் செய்யலாமா, பூசையை அப்புறம் வைத்துக்கொள்ளலாமா என்பதை ஆயரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம்

எல்லாம் பேசி முடித்து, மாற்றுக் குருக்கள் இருவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் கடிதம். ஜூனில் படிப்பு என்றால் ஜனவரியிலேயே போய்விட வேண்டும். மே மாத மாற்றல் பட்டியல் தயாராகும் முன் ஆயர் கையில் இருக்க வேண்டும். முதன்மைக்குருவிடம் வாய்ச்சொல்லாக ஒருமுறை சொல்லிவிட்டு அனுப்புவது நல்லது. கடிதம் ஒரு பக்கம், இணைப்பு இரண்டு பக்கம். இப்படி இருக்கலாம்:

> மேதகு ஆயர் அவர்களுக்கு,
>
> வணக்கம். 2026 ஜூன் 15 முதல் 2027 மே 31 வரை பெங்களூரில் ஆற்றுப்படுத்துதல் குறித்த ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேரத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். சேர்க்கைக் கடிதத்தை இணைத்துள்ளேன். படிப்பு முடிந்ததும் இதே பங்குக்கோ தாங்கள் அனுப்பும் இடத்துக்கோ வர ஆயத்தமாக இருக்கிறேன்.
>
> நான் இல்லாத காலத்தில் பக்கத்துப் பங்குத்தந்தையைப் பங்கு நிர்வாகியாக நியமிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவரிடமும் பள்ளி விடுதிக் குருவிடமும் அவருடைய சபைத் தலைவரிடமும் பேசியுள்ளேன். சம்மதக் கடிதங்கள் இணைப்பில் உள்ளன. ஞாயிறுகளில் நிர்வாகி மூன்று திருப்பலிகளும் விடுதிக் குரு இரண்டும், சனிக்கிழமைகளில் நிர்வாகி இரண்டும் நிறைவேற்றவும், நான்காம் ஞாயிறு கீழ்க் கிளையில் உபதேசியார் வழிபாடு நடத்தி நற்கருணை வழங்கவும் தங்கள் அனுமதி தேவைப்படுகிறது. விடுதிக் குருவுக்குத் திருமணம் நடத்தும் அதிகாரம் எழுத்தில் வேண்டும்.
>
> வாராந்தர அட்டவணை, கிறிஸ்து பிறப்பு, புனித வாரம், பங்குத் திருவிழா ஏற்பாடுகள், நிலுவையிலுள்ள பூசைக் கருத்துகள், பங்கின் வரவு செலவு நிலை ஆகியவற்றைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். மாற்றுக் குருக்களின் பெட்ரோல் செலவைப் பங்கு ஏற்கும் என்று பங்குப்பேரவை தீர்மானித்துள்ளது.
>
> தங்கள் முடிவை எதிர்நோக்கும்,
> இயேசுவில் தங்கள் அன்புள்ள,
> பங்குத்தந்தை

"அனுமதி தேவைப்படுகிறது" என்ற இடங்களைக் கவனியுங்கள். ஆயர் எவற்றுக்கெல்லாம் கையெழுத்திட வேண்டும் என்று கடிதமே சொல்லிவிடுகிறது. ஆயர் இல்லத்துச் செயலர் அதை வைத்தே உத்தரவைத் தட்டச்சு செய்துவிடலாம். பெட்ரோல் வரியைச் சிலர் சின்னத்தனம் என்று எடுத்துவிடுகிறார்கள். இந்த அட்டவணைப்படி நிர்வாகியின் வண்டி பல வாரங்களில் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். மூன்றாம் மாதம் அவர் வாய்விட்டுக் கேட்கும் நிலை வரக் கூடாது.

சரி என்று பதில் வந்த பிறகு

நியமன உத்தரவு கைக்கு வரும்வரை பீடத்தில் அறிவிக்காதீர்கள். ஆயர் வேறொருவரை நிர்வாகியாக நினைத்திருக்கலாம்.

பெங்களூர் வேறு மறைமாவட்டம். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. நீங்கள் குரு, பூசை வைக்கத் தடையில்லை என்று ஆயர் இல்லம் தரும் சான்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் பங்குப்பேரவைச் செயலரையும் கூட வைத்துக்கொண்டு திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் கடைசிப் பதிவு எண்களையும், வங்கிக் கணக்கிலுள்ள தொகையையும் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். பதிவேடுகள் பங்கை விட்டு நகரக் கூடாது. நீங்களும் 'சும்மா சரிபார்க்க' எடுத்துப் போகாதீர்கள். நீங்கள் திரும்பியதும் நிர்வாகி உங்களிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும், அதற்கு இந்தத் தாள்தான் ஆதாரம்.

கடைசியாக நற்கருணைப் பேழைச் சாவி. நம் பங்குகளில் அதற்குப் பெரும்பாலும் இரண்டு சாவிகள் இருக்கும். ஒன்று எங்கே என்று பங்குத்தந்தைக்கு மட்டுமே தெரியும். இரண்டையும் நிர்வாகி கையில் கொடுங்கள். நான் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டபடி பஸ் ஏறி, கிருஷ்ணகிரி தாண்டிய பிறகு கையில் தட்டுப்பட்டு, இறங்கித் திரும்பி வந்தவன்.